மணிவிழாப் படத்தில் தெரிந்த ஒட்டு

எடிட் செய்த படத்தில், எடிட் செய்ததைக் காட்டிக்கொடுக்கிற ஒட்டு இரண்டு விதமாகத் தங்கும். ஒன்று, படத்தை முழு ஜூமில் வைத்துப் பார்த்தால் மட்டும் கண்ணில் படுவது. இன்னொன்று, படம் சின்னதாகி போன் திரைக்குள் வந்தால் மட்டும் தெரிவது. கம்ப்யூட்டரில் படம் முழுதும் அடங்கும்படி வைத்துப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று அனுப்பினால் இரண்டுமே தப்பித்துப் போய்விடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மயிலாடுதுறையில் ஸ்டூடியோ வைத்து கல்யாணம், காதுகுத்து, மணிவிழா என்று எடுத்துக்கொண்டிருக்கிற எனக்கு, ஒரே படத்தில் இரண்டு ஒட்டும் சேர்ந்து வந்து பணத்தையும் நிம்மதியையும் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் புரிந்தது. இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

திருக்கடையூர் பக்கம் படம் எடுக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த ஊர் என்பதால் அறுபதாம் கல்யாணம், எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். ஒரே காலையில் பக்கத்துப் பக்கத்தில் பல குடும்பங்கள் ஹோமம் வளர்த்துக்கொண்டிருக்கும். அங்கே எடுக்கிற குரூப் போட்டோவில் அடுத்த குடும்பத்து ஆள் யாராவது விழாமல் இருந்தால் அதிசயம். அதனால் வெளியாளை அழிப்பது எங்களுக்கு வாடிக்கையான வேலை.

அன்றைக்கு வந்த குடும்பத்தில் மூன்று மகன்கள், ஒரு மகள். நடு மகன் சிங்கப்பூரில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை. அந்த அம்மாவுக்கு அது பெரிய மனக்குறை. "எல்லாரும் நிக்கிற படத்துல அவனும் நிக்கணும் தம்பி, எப்படியாவது சேர்த்துக் குடுத்துடு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மகன் அங்கே பட்டுச் சட்டை, வேட்டி கட்டி, வீட்டு வெள்ளைச் சுவர் முன்னால் நின்று, நண்பர் ஒருவர் போனில் எடுத்த படத்தை அனுப்பினார். எங்களுக்கு வழக்கமாக எடிட்டிங் செய்து தருகிற பையனிடம் இரண்டு வேலையைச் சொன்னேன். மகனைச் சேர்க்க வேண்டும். வலது ஓரத்தில் கடைசிப் பேரன் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வெளியாள் ஒருவரை எடுக்க வேண்டும். கைதேர்ந்த பையன், இரண்டையும் செய்து அனுப்பினான். திறந்து பார்த்தேன். மகன் அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் இயல்பாக நிற்கிறார், வெளியாள் இல்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் பார்க்கிற மாதிரிதான் நானும் பார்த்தேன், திரையில் படம் முழுதாகத் தெரிகிற அளவில். லேபுக்கு அனுப்பினேன். நான்கு பிள்ளைகள் வீட்டுக்கும் பெற்றவர்களுக்குமாக 20க்கு 30 அங்குலத்தில் ஐந்து பிரேம். ஆல்பத்தின் முதல் விரிப்பிலும் அதே படம். வாட்ஸ்அப்பிலும் ஒரு பிரதி.

பிரேம்களைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றே சாயங்காலம் மூத்த மகன் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, அதைவிட மோசமான ஒரு தயக்கம் இருந்தது. "தம்பி, சித்தப்பா பையன் வாட்ஸ்அப்ல பாத்துட்டுச் சொல்றான், எங்க சிங்கப்பூர் தம்பி தலையைச் சுத்தி ஏதோ வெளிச்சம் மாதிரி இருக்குன்னு. நாங்களும் பாத்தோம். இருக்கு. அம்மா அழுதுட்டு உக்காந்திருக்காங்க." நான் உடனே கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தேன். எதுவும் தெரியவில்லை. போனில் திறந்தேன். தெரிந்தது. இருட்டான கல் மண்டபப் பின்னணியில் மற்றவர்கள் தலைக்குப் பின்னால் கறுப்பு, அவர் தலைக்குப் பின்னால் மட்டும் திருவாச்சி வைத்த மாதிரி ஒரு மங்கலான வெளுப்பு.

நம் வீடுகளில் குடும்பப் படத்தில் ஒட்டிச் சேர்க்கப்படுகிறவர் பெரும்பாலும் யார் என்று நினைத்துப் பாருங்கள். தவறிப்போன தாத்தா, அப்பா. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போடுவதும் அவர்களுக்குத்தான். ஆயுள் வேண்டி திருக்கடையூர் வந்து செய்த விசேஷத்தின் படத்தில், உயிரோடு இருக்கிற பிள்ளை தலைக்குப் பின்னால் அந்த வெளிச்சம். அந்த அம்மா ஏன் அழுதார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நேரில் போனபோது அவர் என்னைத் திட்டவில்லை. "அந்தப் படத்தை வீட்டுல வைக்க வேணாம், எடுத்துட்டுப் போயிடுப்பா" என்று மட்டும் சொன்னார். ஐந்து பிரேமையும் ஆட்டோவில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தபோது எனக்கு வந்த வருத்தம் பணத்துக்காக இல்லை.

அந்த வெளிச்சம் எப்படி வந்தது என்று உட்கார்ந்து தோண்டினேன். போட்டோஷாப்பில் ஒருவரை வெட்டிச் சேர்க்கும்போது மாஸ்க் போடுகிறோம். மாஸ்கில் வெள்ளை இருக்கிற இடத்தில் அவர் தெரிவார், கறுப்பு இருக்கிற இடத்தில் மறைவார். தலைமுடி ஓரம் வெட்டின மாதிரி இருக்கக் கூடாது என்பதற்காக அங்கே மென்மையான பிரஷ்ஷை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மறைப்பது வழக்கம். அப்படிச் செய்யும்போது முடிக்கு வெளியே முழுக் கறுப்பு விழாமல் 4 சதவீதம், 5 சதவீதம் மிச்சம் நின்றுவிடும். மாஸ்க்கைத் தனியாகத் திறந்து பார்த்தாலும் அந்த 4 சதவீதம் கண்ணுக்குக் கறுப்பாகத்தான் தெரியும். கணக்கைப் பாருங்கள். அவருக்குப் பின்னால் இருந்தது வெள்ளைச் சுவர், அதன் வெளிச்ச அளவு 255க்குச் சுமார் 230. எங்கள் மண்டப இருட்டு சுமார் 12. அந்த வெள்ளைச் சுவரில் 4 சதவீதம் இருட்டோடு கலந்தால் 12 என்பது 21 ஆகிவிடும். ஸ்டூடியோவில் இருக்கிற சாதாரண மானிட்டரில், டியூப்லைட் வெளிச்சத்தில், 12க்கும் 21க்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் கறுப்புதான். இப்போதைய அமோலெட் போன் திரையில் பிரைட்னஸை ஏற்றி இருட்டு அறையில் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

படம் சின்னதாவதும் இந்த வகை ஒட்டைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த வெளுப்பு ஒரு கோடு இல்லை, ஓரம் இல்லாமல் மெல்ல மெல்ல மங்கிப் போகிற ஒரு பரப்பு. முழு ஜூமில் அதற்குள்ளேயே நின்று பார்க்கிறோம், திரை முழுக்க ஒரே மாதிரி இருக்கும், ஒப்பிட வேறு எதுவும் பக்கத்தில் இருக்காது. போன் திரையில் அதே பரப்பு விரல் நக அளவுக்குச் சுருங்கி, சுற்றியிருக்கிற கறுப்போடு ஒட்டி நிற்கும். மெதுவான மாற்றம் சட்டென்ற மாற்றமாகிவிடும். வாட்ஸ்அப் வேறு தன் பங்குக்கு வேலை செய்கிறது. சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப் பக்கத்தை ஏறக்குறைய 1600 பிக்சலுக்குக் குறைத்து, அதன்மேல் நன்றாக அழுத்தி ஜேபெக்காக்குகிறது. ஜேபெக் எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டம் கட்டமாகத்தான் படத்தைக் கையாளும். கேமராவின் குருணை, அதாவது பொடிப்பொடியான நாய்ஸ், இருக்கிற இருட்டுப் பகுதி ஒருவிதமாகவும், பிரஷ் ஓட்டி வழவழப்பாகிப்போன பகுதி வேறுவிதமாகவும் அழுந்தும். பிரஷ் ஓட்டின இடம் கட்டம் கட்டமாகத் தனித்து நிற்கும். அதனால் நாம் பார்க்கிற படம் வேறு, சித்தப்பா பையன் பார்க்கிற படம் வேறு.

இதற்கு இப்போது நான் செய்வது இரண்டு. முதலாவது, கம்ப்யூட்டரிலேயே இருட்டைக் கிளறிப் பார்ப்பது. எல்லா லேயருக்கும் மேலே ஒரு லெவல்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு, வலது ஓரத்து வெள்ளை ஸ்லைடரை 255லிருந்து 60 வரைக்கும் இழுத்துவிடுகிறேன். 60க்கு மேல் உள்ள எல்லாம் வெள்ளையாகிப்போகும், கவலை வேண்டாம், நாம் பார்க்க வந்தது இருட்டை. இப்போது 12 என்பது 51 ஆகவும் 21 என்பது 89 ஆகவும் தெரியும், அந்த ஒளிவட்டம் எந்த மானிட்டரிலும் ஒளிந்துகொள்ள முடியாது. வெள்ளை வேட்டி, வானம், பந்தல் துணி மாதிரி வெளிச்சமான இடங்களுக்கு இதையே திருப்பிச் செய்ய வேண்டும். இடது பக்கக் கறுப்பு ஸ்லைடரை 200க்குக் கொண்டுபோனால் வெள்ளைக்குள் இருக்கிற ஒட்டு வெளியே வரும். பார்த்து முடித்ததும் அந்த லேயரை அழித்துவிடுங்கள்.

ஒளிவட்டம் இருந்தால் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மறுபடி முடி ஓரத்தைத் தேய்க்கத் தொடங்காதீர்கள், அது இன்னொரு ஒட்டைத்தான் கொண்டுவரும். Alt விசையைப் பிடித்துக்கொண்டு மாஸ்க்கின் சின்னப் படத்தின்மேல் கிளிக் செய்தால் மாஸ்க் மட்டும் கறுப்பு வெள்ளையில் திரையில் வரும். அங்கே Ctrl+L அழுத்தி, கறுப்பு ஸ்லைடரை 15 அளவுக்கு உள்ளே தள்ளுங்கள். 4, 5 சதவீத மிச்சம் என்பது மாஸ்கில் 10, 13 என்கிற அளவுதான். அதெல்லாம் சுத்தக் கறுப்பாகிவிடும். முடி ஓரத்து மென்மை அதைவிட உயர்ந்த அளவில் இருப்பதால் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அந்தப் படத்துக்குத் தேவைப்பட்ட திருத்தம் இவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இரண்டாவது, படத்தை எனக்கு நானே வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனில் பார்ப்பது. நேரடியாக கேபிள் போட்டு போனில் ஏற்றிப் பார்த்தால் போதாது, வாட்ஸ்அப் அழுத்திய பிறகு வருகிற படம்தான் நூறு பேர் கைக்குப் போகப்போகிறது. பெரிதாக்காமல், கையை நீட்டி வைத்துக்கொண்டு, முதலில் அறை விளக்கை அணைத்து பிரைட்னஸை முழுதாக ஏற்றி ஒரு பார்வை. பிறகு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் ஒரு பார்வை. இருட்டில் தெரிவது மேலே சொன்ன வெளுப்பு. பகலில் தெரிவது நிறம். வெட்டிச் சேர்த்தவர் முகம் மற்றவர்களைவிட மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்தால் அது வரிசையில் தனியாக எழுந்து நிற்கும். பல போன்களில் நிறத்தைத் தூக்கிக் காட்டுகிற அமைப்புதான் முதலிலேயே போடப்பட்டிருக்கும், அதனால் மானிட்டரில் சின்னதாக இருக்கிற நிற வேற்றுமை அங்கே பெரிதாகும். என்னிடம் பழைய எல்சிடி போன் ஒன்று இருக்கிறது, அதிலும் ஒரு முறை பார்த்துவிடுகிறேன். அமோலெட்டில் மட்டும் தெரிகிற குறைகள் உண்டு, எல்சிடியில் மட்டும் தெரிவது எனக்கு இதுவரை வந்ததில்லை. ஆனால் கிராமத்துப் பெரியவர்கள் பலர் கையில் அந்த மாதிரி போன்தான் இருக்கிறது.

சரி, ஒளிவட்டத்தைச் சரிசெய்து படத்தை மறுபடி போனில் காட்டினேன். குடும்பத்துக்குத் திருப்தி. லேபில் மறுபடி ஐந்து பிரேம் போட்டேன், ஒன்றுக்கு 3,200 வீதம் 16,000 ரூபாய் என் கையிலிருந்து. அதோடு தொல்லை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மகள் வீட்டில் புதுப் பிரேமைச் சுவரில் மாட்டுவதற்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்திருக்கிறார்கள். அந்தக் கடைசிப் பேரன், ஆறேழு வயதுப் பையன், பக்கத்தில் நின்று தன்னைத் தேடிப் பார்த்திருக்கிறான். "அம்மா, என் தோள்ல யாரோட விரல் இது?" என்று கேட்டானாம். அழித்த வெளியாள் கூட்டத்தில் நெருங்கி நின்றபோது பையன் தோளில் கை வைத்திருந்திருக்கிறார். ஆள் போய்விட்டார், கை போய்விட்டது, ஒரு விரல் மட்டும் அரக்கு நிறச் சட்டையின் மேல் அப்படியே இருந்தது. பையனின் அம்மா எனக்கு போன் செய்தபோது, "பையன் ராத்திரி அந்தப் படம் இருக்கிற ரூம்ல படுக்க மாட்டேங்கிறான்" என்றார். எனக்கு வாய் எழவில்லை.

இந்த விரல் போனில் ஏன் தெரியவில்லை, மானிட்டரில் ஏன் தெரியவில்லை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கேமரா படம் 6000க்கு 4000 பிக்சல். என் மானிட்டரில் போட்டோஷாப்பின் பட்டைகள் போக மிஞ்சுகிற உயரம் சுமார் 900 பிக்சல். 4000ஐ 900க்குள் அடக்கினால் படம் 22 சதவீத அளவில் தெரிகிறது. படத்தில் அகலத்தில் நாலரை, உயரத்தில் நாலரை என்று இருக்கிற ஏறக்குறைய 20 பிக்சலை அரைத்து ஒரே புள்ளியாகத் திரை காட்டுகிறது. அந்த விரல் 20 பிக்சல் அகலம், 60 பிக்சல் நீளம். 22 சதவீதத்தில் அது நாலைந்து புள்ளி அகலத்துக்கு ஒரு பழுப்புக் கீற்று, சட்டை மடிப்பு என்று கண் ஏற்றுக்கொண்டுவிடும். வாட்ஸ்அப் படத்திலும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் 30 அங்குல பிரேமில் அங்குலத்துக்கு 200 பிக்சல். அந்த விரல் இரண்டரை மில்லிமீட்டர் அகலம், ஏழரை மில்லிமீட்டர் நீளத்துக்கு, நகத்தோடு, சுவரில் தொங்குகிறது.

இதைப் பிடிக்க ஒரே வழி முழு ஜூம், அதாவது 100 சதவீதம், படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரிகிற நிலை. Ctrl+1 அழுத்தினால் வரும். என் 24 அங்குல மானிட்டரில் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல் என்பதால், 100 சதவீதத்தில் தெரிவது பிரேமில் வரப்போவதைப் போல இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும். 50 சதவீதம் வைத்தால் ஏறக்குறைய பிரேம் அளவு. ஆகவே 100இல் தெரிந்து 50இல் மறைகிற சின்ன உறுத்தல்களை நான் பெரும்பாலும் விட்டுவிடுகிறேன். 300, 400 சதவீதத்துக்குப் போகாதீர்கள். அங்கே கேமராவின் குருணை கூடக் குறையாகத் தெரியும், நல்ல இடத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கெடுத்துவிடுவோம். லேப்டாப் திரை மிக நெருக்கமான பிக்சல் உள்ளதாக இருந்தால் மட்டும் 200 வைத்துக்கொள்ளலாம், அங்கே 100 சதவீதமே பொடியாகத் தெரியும்.

முழு ஜூமில் கையால் படத்தை இழுத்து இழுத்துப் பார்ப்பது பயன் தராது. கண் தானாக முகங்களுக்குப் போகும், ஒட்டு முகத்தில் இருப்பது குறைவு. நான் செய்வது, Home விசையை அழுத்தி இடது மேல் மூலைக்குப் போவது. Ctrl+Page Down அழுத்த அழுத்த ஒவ்வொரு திரையாக வலப்பக்கம் நகரும். ஓரம் வந்ததும் Page Down அழுத்தி ஒரு திரை கீழே இறங்கி, Ctrl+Page Up அழுத்தி இடப்பக்கமாகத் திரும்பி வருவது. வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி போய்த் திரும்பினால் எந்த இடமும் விட்டுப்போகாது. 6000க்கு 4000 படத்துக்கு என் திரையில் நாலுக்கு ஐந்து, இருபது திரை வருகிறது. ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் நின்றாலும் பத்து நிமிடம்.

அந்த அரை நிமிடத்தில் எதைப் பார்ப்பது என்றால், முதலில் கைகள். குரூப் படத்தில் ஒவ்வொரு கைக்கும் ஒரு உடம்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன், தோளிலும் இடுப்பிலும் தெரிகிற ஒவ்வொரு விரலையும் அதன் முழங்கை வரைக்கும் கண்ணால் தொடர்கிறேன். ஆளை அழித்த படம் என்றால் இது கட்டாயம். அழித்தவர் உடம்பு எங்கெல்லாம் மற்றவர்களுக்கு முன்னால் வந்திருக்கும் என்று மூலப் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கை மட்டும் இல்லை, அவர் நிழல் தரையில் இருக்கும், பளபளப்பான குத்துவிளக்கில் அவர் வேட்டி நிறம் விழுந்திருக்கும். அடுத்து நேர்க்கோடுகள். சேலை ஜரிகைக் கரை, தூணின் விளிம்பு, கல் தரையின் இணைப்பு. க்ளோன் ஸ்டாம்ப் ஓட்டின இடத்தில் இவை ஒரு மயிரிழை தள்ளிப்போய் நிற்கும். கடைசியாகக் குருணை. மண்டபத்துக்குள் ஐஎஸ்ஓ 3200 வைத்து எடுத்த படத்தில் எல்லார் கன்னத்திலும் பொடிப்பொடியாகக் குருணை இருக்கும். போனில் எடுத்துச் சேர்த்தவர் கன்னம் மட்டும் மெழுகு பூசினது போல் இருக்கும், போன்கள் குருணையைத் தாமாகவே துடைத்துவிடுகின்றன. சிங்கப்பூர் மகனுக்கும் அது இருந்தது. அவர் லேயருக்கு மேலே கொஞ்சம் நாய்ஸ் சேர்த்து மற்றவர்களோடு சமப்படுத்தினோம். வீட்டார் யாரும் இதைச் சொல்லவில்லை. ஆனால் ஒட்டிச் சேர்த்தது என்று காரணம் தெரியாமலே மனதில் படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

இந்தச் சோதனையை எல்லாம் லேயர்கள் இருக்கிற பிஎஸ்டியில் செய்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. நூறு சதவீதத்துக்குக் குறைவாக வைத்திருக்கும்போது போட்டோஷாப், வேகத்துக்காக, சின்னதாக்கி வைத்த நகல் மேல்தான் லேயர்களைக் கலந்து காட்டுகிறது. கடைசியில் வெளிவருகிற படம் அதிலிருந்து கொஞ்சம் மாறலாம், குறிப்பாக அட்ஜஸ்ட்மென்ட் லேயர்கள் நிறைய இருந்தால். அதனால் எஸ்ஆர்ஜிபி நிறத்துக்கு மாற்றி ஜேபெக்காகச் சேமித்து, அந்த ஜேபெக்கையே புதிதாகத் திறந்து, அதில்தான் இருபது திரையையும் பார்க்கிறேன். லெவல்ஸ் சோதனையும் அதன்மேல்தான், சேமிக்காமல் மூடிவிடுகிறேன். வாட்ஸ்அப்புக்குப் போவதும் அதே கோப்பு.

விரலை எடுத்த பிறகு மூன்றாம் முறையாக ஐந்து பிரேம். இன்னொரு 16,000. ஆல்பம் அதற்குள் பைண்டிங் முடிந்து வந்திருந்தது. இந்த வகை ஆல்பத்தில் தாள்களை முதுகோடு முதுகு ஒட்டியிருப்பார்கள், ஒரு விரிப்பை மட்டும் மாற்ற முடியாது, முழுதாக மறுபடி போட 7,500. மொத்தம் 39,500 ரூபாய். அந்த விசேஷத்துக்கு எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய லாபத்தைவிட அதிகம். எடிட்டிங் பையனிடம் நான் அதைக் கேட்கவில்லை. அவனுக்கு ஒரு படத்துக்கு நாங்கள் கொடுக்கிற கூலியில் அவன் அதைக் கட்ட முடியாது. பார்த்து அனுப்ப வேண்டியது ஸ்டூடியோவின் வேலை என்பதுதான் என் எண்ணம், இன்றைக்கும். பாக்கிப் பணத்தை அந்தக் குடும்பம் தாமதமாகத் தந்தாலும் குறைக்காமல் தந்தது, அதை நன்றியோடு சொல்ல வேண்டும். அந்த அம்மா மட்டும் இன்றுவரை படத்தை நடுக்கூடத்தில் மாட்டவில்லை, உள் அறையில் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

இதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எல்லாச் சோதனையும் முடிந்ததும் எடிட்டிங்கைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம், பெரும்பாலும் எங்கள் அக்காவிடம், போனில் படத்தைக் காட்டுகிறேன். "ஏதாவது தப்பு இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். அதற்குப் பதிலாக, "இதுல அன்னிக்கு வராத ஆள் யாரு, சொல்லு பாப்போம்" என்று கேட்கிறேன். சரியான ஆளைக் காட்டிவிட்டால் படம் திரும்ப எடிட்டிங்குக்குப் போகும். ஏன் அவரைச் சொன்னாய் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் பயனுள்ளதாக இருக்கும். ஒரு தடவை, "எல்லாருக்கும் வெளிச்சம் வலப்பக்கம் இருந்து வருது, இவருக்கு மட்டும் இடப்பக்கம்" என்றார். நானும் எடிட்டிங் பையனும் ஒட்டைத் தேடிக்கொண்டிருந்ததில் அதை விட்டிருந்தோம்.

பிரிண்ட்டின் நிறத்தைப் பற்றி போன் எதுவும் சொல்லாது, அதை நம்பி லேபுக்கு அனுப்பாதீர்கள். பெரிய பிரேம் போடுவதற்கு முன்னால் நான் செய்வது ஒன்று. படத்தில் ஒட்டு இருக்கக்கூடிய இடத்தை, சேர்த்த ஆளின் தலை, அழித்த ஆள் நின்ற இடம், 1200க்கு 800 பிக்சலாக வெட்டி, அளவை மாற்றாமல் 6க்கு 4 அங்குலத் தாளில் சாதாரண பிரிண்ட்டாகப் போடச் சொல்கிறேன். 1200ஐ 6 அங்குலத்தில் போட்டால் அங்குலத்துக்கு அதே 200 பிக்சல். 30 அங்குல பிரேமில் அந்த இடம் எப்படி வரப்போகிறதோ அதே அளவில் கையில் வந்துவிடும், இரண்டு தாளுக்கு ஒரு டீ, வடை காசுதான் ஆகும். லேபில் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, சரி என்றால் மட்டும் பெரிய அளவுக்குச் சொல்கிறேன். பிரேம் போடுகிற அதே தாள், அதே மெஷினில் போட்டால்தான் இது செல்லும் என்பதால் லேப்காரரிடம் முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.